வங்கி அறிக்கையின் சுருக்கெழுத்துகளையும் பிடித்தங்களையும் என் தந்தைக்கு எப்படி விளக்குவது?

குடந்தைச் செல்வி

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 74 வயது ஆகிறது. கும்பகோணத்தில் பித்தளை, எவர்சில்வர் பாத்திரக் கடை நடத்துகிறார். கடையின் பேரேட்டை இன்றும் தம் கையாலேயே எழுதுகிறார். கூட்டலில் பிழை வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் வங்கியிலிருந்து வரும் நடப்புக் கணக்கு அறிக்கை மட்டும் அவருக்குப் பிடிபடுவதில்லை. 2025 ஜூன் மாத அறிக்கையை என்னிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது, பணம் எதற்காகப் போனது என்று தமிழில் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார். எனக்கும் பாதிதான் விளங்குகிறது. குழப்பம் தரும் வரிகளை மட்டும் கீழே தருகிறேன்.

```
02-06 AMB CHG MAY25 INCL GST        708.00 Dr
04-06 BY CLG 118204              38,500.00 Cr
05-06 O/W RTN 118204 FUNDS INSUF 38,500.00 Dr
05-06 O/W RTN CHG INCL GST          177.00 Dr
09-06 TO TRF NEFT              1,05,000.00 Dr
09-06 NEFT CHG INCL GST              17.70 Dr
10-06 ACH DR RTN CHG INCL GST       590.00 Dr
13-06 ACH DR RTN CHG INCL GST       590.00 Dr
30-06 CASH HNDL CHG INCL GST        424.80 Dr
30-06 SMS CHG APR-JUN INCL GST       17.70 Dr
```

அப்பாவை மிகவும் வருத்தியது 5ஆம் தேதி வரிகள்தான். "அவுட்வர்டு ரிட்டர்ன்" என்று கிளையில் யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். தாம் வெளியே கொடுத்த காசோலை திரும்பிவிட்டது என்று அவர் புரிந்துகொண்டார். "இத்தனை ஆண்டுகளில் நான் கொடுத்த செக் ஒன்றுகூடத் திரும்பியதில்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். மேலும், அவர் வங்கியில் பணம் கட்டினால் தம் புத்தகத்தில் வங்கிக் கணக்கில் பற்று எழுதுகிறார். அறிக்கையிலோ அது வரவு என்று வருகிறது. எல்லாமே தலைகீழாக இருக்கிறது என்கிறார்.

ஈரோடு ஜவுளிக்காரர்

சகோதரி, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நெஃப்ட் மூலம் பணம் அனுப்புவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி எப்போதோ சொல்லிவிட்டது. 2020 முதல் அது இலவசம். அப்படியிருக்க உங்கள் தந்தையிடம் 17.70 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். அது மட்டுமன்று; மாதக் கடைசியில் அதே 17.70 ரூபாயை எஸ்எம்எஸ் என்ற பெயரில் மறுபடியும் பிடித்திருக்கிறார்கள். ஒரே தொகை இருமுறை வந்தால் அது ஒரே கட்டணத்தை இரண்டு பெயரில் எடுத்ததாகத்தான் இருக்கும். முதியவர் என்பதால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறார்கள். கிளை மேலாளரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற காசாளர்

அம்மா, கட்டணங்களுக்குப் பிறகு வருவோம். உங்கள் தந்தையின் மனக்கவலையை முதலில் தீர்க்க வேண்டும். அவர் கொடுத்த காசோலை எதுவும் திரும்பவில்லை. அவருக்கு யாரோ கொடுத்த காசோலைதான் திரும்பியிருக்கிறது.

வங்கிக்குள் நாங்கள் "அவுட்வர்டு" என்று சொன்னால், எங்கள் கிளையில் வாடிக்கையாளர் போட்ட பிற வங்கிக் காசோலை, பணம் வசூலிப்பதற்காக எங்களிடமிருந்து வெளியே கிளியரிங்குக்குப் போகிறது என்று பொருள். "இன்வர்டு" என்றால் எங்கள் வாடிக்கையாளர் பிறருக்குக் கொடுத்த காசோலை, அவருடைய கணக்கில் பணம் எடுக்க எங்களிடம் உள்ளே வருகிறது என்று பொருள். திசை வங்கியின் வாசலிலிருந்து கணக்கிடப்படுகிறது, கடையின் வாசலிலிருந்து அன்று. ஆகவே `O/W RTN` என்பது, 118204 என்ற எண்ணுள்ள காசோலையை உங்கள் தந்தை 4ஆம் தேதி கணக்கில் போட்டார், அதை எழுதிக் கொடுத்தவரின் கணக்கில் பணம் போதாததால் அது மறுநாள் திரும்பியது என்பதைத்தான் சொல்கிறது. அவர் பயந்தது நடந்திருந்தால் அங்கே `I/W RTN` என்று இருந்திருக்கும்.

பற்று வரவுக் குழப்பத்துக்கு, பேரேடு எழுதுபவரான அவருக்குச் சொல்ல எளிய வழி இருக்கிறது. அவர் தம் பேரேட்டில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம் வைத்திருப்பார் அல்லவா? வாடிக்கையாளர் பணம் கொண்டுவந்து கொடுத்தால் அந்தப் பக்கத்தில் வரவு வைப்பார். சரக்கு எடுத்துப் போனால் பற்று எழுதுவார். வங்கியும் தன் பேரேட்டில் உங்கள் தந்தைக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறது. உங்கள் கையில் இருப்பது அந்தப் பக்கத்தின் நகல். அவர் பணம் கட்டினால் அங்கே வரவு. அவருக்காகப் பணம் வெளியே போனாலோ, கட்டணம் எடுத்தாலோ பற்று. அவருடைய புத்தகத்தில் உள்ள வங்கிக் கணக்கோ அவருடைய பார்வையில் எழுதப்பட்டது. ஆகவே இரண்டும் எதிரெதிராக இருப்பதே முறை. அப்படி இல்லையென்றால்தான் பிழை.

இதே பழைய கணக்கெழுத்து வழக்கத்திலிருந்துதான் `BY`, `TO` என்ற சொற்களும் வருகின்றன. `BY` என்று தொடங்கும் வரி உள்ளே வந்தது, `TO` என்று தொடங்கும் வரி வெளியே போனது. `CLG` என்பது காசோலைக் கிளியரிங், `TRF` என்பது கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றம். இவ்வளவு தெரிந்தால் அறிக்கையின் பெரும்பகுதியை அவரே படித்துவிடுவார்.

குடந்தைச் செல்வி

மிக்க நன்றி ஐயா. பேரேட்டுப் பக்கத்தின் நகல் என்று சொன்னவுடனே அப்பா புரிந்துகொண்டார். எனக்கு மேற்கொண்டு விளக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. காசோலை கொடுத்தவர் யார் என்பதையும் எண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். திருமணச் சீர்வரிசைக்குப் பாத்திரம் எடுத்த ஒரு குடும்பம்.

அடுத்த கேள்வி அந்த இரண்டு 590 ரூபாய்கள். கடையின் சரக்கு வண்டிக்கு வாங்கிய கடனுக்கு மாதம் 10ஆம் தேதி 18,750 ரூபாய் தவணை தானாகவே எடுக்கப்படும். அந்தத் தவணை திரும்பியதற்கான கட்டணம் என்று கூகுளில் தேடித் தெரிந்துகொண்டேன். ஆனால் ஒரு தவணைக்கு ஏன் இரண்டு முறை பிடித்தார்கள்? கணக்கில் பணம் இருந்தது என்று அப்பா உறுதியாகச் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற காசாளர்

3ஆம் தேதி முடிவில் இருப்பு எவ்வளவு என்று சொல்ல முடியுமா? 4ஆம் தேதிக்கும் 13ஆம் தேதிக்கும் இடையில் நீங்கள் மேலே தந்தவற்றைத் தவிர வேறு வரிகள் உண்டா?

குடந்தைச் செல்வி

3ஆம் தேதி முடிவில் 1,12,400 ரூபாய். இடையில் வேறு வரிகள் இல்லை. ரொக்கம் கட்டியதெல்லாம் 16ஆம் தேதிக்குப் பிறகுதான்.

தென்காசி வாசகர்

இந்தச் சமயத்தில் என் சந்தேகத்தையும் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு 48 வயது. என் சேமிப்புக் கணக்கில் ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடிக்கிறார்கள். இதுவும் இதுபோன்ற சேவைக் கட்டணம்தானா? எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. முன்பு 330 ரூபாயும் 12 ரூபாயுமாக இருந்தது, உயர்த்திவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற காசாளர்

தென்காசி ஐயா, உங்களுடையது கட்டணம் அன்று, காப்பீட்டுப் பிரீமியம். 436 ரூபாய் பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, 20 ரூபாய் சுரக்ஷா விபத்துக் காப்பீடு. ஒவ்வொன்றிலும் இரண்டு லட்சம் ரூபாய்க்குக் காப்பு உண்டு. 2022 ஜூன் முதல் பிரீமியம் உயர்ந்தது. எப்போதோ ஒரு படிவத்தில் கையெழுத்திட்டிருப்பீர்கள். வேண்டாம் என்றால் கிளையில் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம். ஆனால் வீட்டாருக்கு இப்படி ஒரு காப்பீடு இருப்பது தெரியுமா என்பதை முதலில் பாருங்கள்.

இப்போது கும்பகோணத்துக் கணக்குக்கு வருகிறேன். நாள்வாரியாக எழுதிப் பார்த்தால் எல்லாம் தெளிவாகிவிடுகிறது.

3ஆம் தேதி இருப்பு 1,12,400. 4ஆம் தேதி காசோலைக்கு வரவு வைத்ததும் இருப்பு 1,50,900 என்று காட்டியிருக்கும். கைபேசிக்கும் அப்படித்தான் செய்தி வந்திருக்கும். உங்கள் தந்தையின் மனத்தில் நின்றது இந்தத் தொகை. ஆனால் கிளியரிங் வரவு என்பது எதிர்வங்கி பணம் கொடுக்கும் வரை உறுதியானதன்று. 5ஆம் தேதி காசோலை திரும்பியதால் அந்த 38,500 திரும்ப எடுக்கப்பட்டு, 177 ரூபாய் கட்டணமும் போய், இருப்பு 1,12,223 ஆனது. இது அவருக்குத் தெரியவில்லை.

9ஆம் தேதி அவர் மொத்த வியாபாரிக்கு 1,05,000 ரூபாய் அனுப்புகிறார். அவர் கணக்குப்படி 45,900 மிச்சம் இருக்க வேண்டும். மறுநாள் தவணைக்கு அது தாராளம். உண்மையில் மிஞ்சியது, நெஃப்ட் கட்டணம் 17.70 போக, 7,205.30 மட்டுமே. 10ஆம் தேதி 18,750 ரூபாய்த் தவணை வந்தபோது பணம் இல்லை; திரும்பியது; 590 ரூபாய் கட்டணம். கடன் கொடுத்த நிறுவனம் 13ஆம் தேதி மறுபடியும் அதே தவணையைக் கேட்டு அனுப்பியிருக்கிறது. அப்போது இருந்தது 6,615.30. மறுபடியும் திரும்பியது, மறுபடியும் 590. தவணை ஒன்றுதான் என்றாலும் கோரிக்கை இரண்டு என்பதால் வங்கி இரண்டு முறை கட்டணம் எடுத்திருக்கிறது. `ACH DR` என்பது நீங்கள் முன்கூட்டியே கொடுத்த அனுமதியின் பேரில் தானாக எடுக்கப்படும் தொகை. சில வங்கிகளில் `NACH` என்றும், பழைய அறிக்கைகளில் `ECS` என்றும் இருக்கும்.

ஆகவே, ஒரு வாடிக்கையாளரின் காசோலை திரும்பியதால் 177, 590, 590 என்று மொத்தம் 1,357 ரூபாய் இந்தக் கணக்கில் போயிருக்கிறது. இது முழுத் தொகையன்று. கடன் நிறுவனமும் தன் பங்குக்குத் தவணை திரும்பியதற்கான கட்டணத்தைக் கடன் கணக்கில் ஏற்றியிருக்கும். அது இந்த அறிக்கையில் தெரியாது. கடன் கணக்கின் அறிக்கையைத் தனியாக வாங்கிப் பாருங்கள்.

திருப்பூர்க் கணக்கர்

நான் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுபவன். காசாளர் ஐயா சொன்னதற்கு மேல் இரண்டு செய்திகள் சேர்க்கிறேன்.

பெரியவருக்கு ஒரு சிறிய சோதனையைக் கற்றுக்கொடுங்கள். வங்கியின் சேவைக் கட்டணத்துக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. ஆகவே புரியாத ஒரு பிடித்தத்தைக் கணிப்பானில் 1.18ஆல் வகுத்துப் பார்க்கட்டும். 177ஐ வகுத்தால் 150 வருகிறது. 590 என்பது 500. 708 என்பது 600. 424.80 என்பது 360. இரண்டு 17.70களும் தலா 15. இப்படி முழுத்தொகை வந்தால், அது வரியோடு சேர்ந்த கட்டணம் என்று பெரும்பாலும் நம்பலாம். பிறகு வங்கியின் கட்டணப் பட்டியலில் 150, 500 என்ற அடிப்படைத் தொகையைத் தேடினால் எந்தக் கட்டணம் என்பது கிடைத்துவிடும். பட்டியலில் வரி சேர்க்காமல்தான் அச்சிட்டிருப்பார்கள். 590 என்று தேடினால் கிடைக்காது. தென்காசி நண்பரின் 436ஐ வகுத்துப் பாருங்கள்: 369.49 வருகிறது. அது கட்டணமில்லை என்பது அதிலேயே தெரிகிறது.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆகவே ஓவர்டிராஃப்ட் வட்டி இதில் சிக்காது. சில வங்கிகள் கட்டணத்தை ஒரு வரியிலும், மத்திய வரி 9, மாநில வரி 9 என்று அடுத்த இரண்டு வரிகளிலும் பிரித்துக் காட்டும். அங்கே வகுக்க வேண்டியதே இல்லை.

இரண்டாவது செய்தி: இந்தப் பத்து வரிகளில் கட்டணங்கள் மட்டும் 2,525.20 ரூபாய். அதில் 2,140 கட்டணம், 385.20 வரி. உங்கள் தந்தை ஜிஎஸ்டியில் வழக்கமான முறையில் பதிவு செய்திருந்தால், கடைக்கான கணக்கு என்பதால் இந்த 385.20ஐ உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, கடை கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருந்தால் எடுக்க முடியாது. வங்கியிடம் உங்கள் ஜிஎஸ்டி எண் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகியிருந்தால், ஜிஎஸ்டி தளத்தில் மாதாமாதம் வரும் உள்ளீட்டு வரிப் பட்டியலான `GSTR-2B`யில் வங்கியின் பெயர் தெரியும். என்னிடம் வரும் சிறு கடைக்காரர்கள் பலர் கணக்குத் தொடங்கும்போது ஜிஎஸ்டி எண் கொடுப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் இந்த வரியை இழந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை.

ஈரோட்டு நண்பருக்கு: 2020 ஜனவரி முதல் நெஃப்ட் இலவசம் என்பது சேமிப்புக் கணக்கிலிருந்து இணையவழியில் அனுப்புவோருக்குத்தான். இது நடப்புக் கணக்கு. ஒரு லட்சத்துக்கு மேல் இரண்டு லட்சம் வரை அனுப்ப 15 ரூபாயும் வரியும் வாங்க அனுமதி உண்டு. எஸ்எம்எஸ் கட்டணம் காலாண்டுக்கு 15 என்பது வேறு. இரண்டும் ஒரே தொகையாக அமைந்தது தற்செயல்.

ஈரோடு ஜவுளிக்காரர்

நடப்புக் கணக்கு என்பதை நான் கவனிக்கவில்லை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எஸ்எம்எஸ் கட்டணத்தை உண்மையில் அனுப்பிய செய்திகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வாங்க வேண்டும் என்று 2013இல் ரிசர்வ் வங்கி சொன்னது. காலாண்டுக்கு ஒரே தொகை என்பது எப்படிச் சரியாகும்?

அது போகட்டும். 708 ரூபாய் இருப்புக் குறைவுக் கட்டணத்தை விடக் கூடாது. எவ்வளவு குறைந்ததோ அந்த விகிதத்தில்தான் வாங்க வேண்டும், ஒரு மாதம் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அறிவிப்பு வந்ததா?

ஓய்வுபெற்ற காசாளர்

எஸ்எம்எஸ் பற்றி நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. எத்தனை செய்திகள் அனுப்பப்பட்டன என்று வங்கியிடம் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அதைக் காரணம் காட்டிச் செய்தி வருவதையே நிறுத்திவிடாதீர்கள். 5ஆம் தேதி காசோலை திரும்பியது தெரிய அவருக்கு இருந்த ஒரே வழி அந்தச் செய்திதான்.

இருப்புக் குறைவில் நீங்கள் சொன்ன விதிகள் 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளவை. ஆனால் அவையும் சேமிப்புக் கணக்குக்கு வகுத்தவை. நடப்புக் கணக்கில் வங்கியின் கட்டணப் பட்டியலே பேசும். அதைவிட முக்கியமாக, `AMB` என்பது மாதச் சராசரி இருப்பு. ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி, நாள்களால் வகுப்பது. ஒரு நாள் குறைந்தாலே கட்டணம் என்று பலர் அஞ்சுகிறார்கள், அப்படியில்லை. தேவை 25,000 என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் 55,000, மீதி இருபது நாள் 10,000 இருந்தால் சராசரி சரியாக 25,000, கட்டணம் வராது. எனவே மொத்த வியாபாரிக்கு அனுப்பும் பெரிய தொகையைச் சில நாள் தள்ளி அனுப்பினாலே சராசரி ஏறிவிடும். மே மாதத்தில் சராசரி எவ்வளவு வந்தது என்று கிளையில் கேளுங்கள், சொல்ல வேண்டியவர்கள்.

ரொக்கக் கட்டணமும் அதுபோலத்தான். மாதத்தில் எவ்வளவு ரொக்கம் கட்டினீர்கள்?

குடந்தைச் செல்வி

ஜூனில் மொத்தம் 3,20,000 ரூபாய் ரொக்கமாகக் கட்டியிருக்கிறார். வைகாசி முகூர்த்த விற்பனைப் பணம். கட்டணப் பட்டியலைப் பார்த்தேன்: மாதம் இரண்டு லட்சம் வரை இலவசம், அதற்கு மேல் ஆயிரத்துக்கு 3 ரூபாய். ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு 360, அதோடு வரி. கணக்கர் ஐயா சொன்ன 360 அப்படியே வந்துவிட்டது. அப்பா இந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்த்தார். ஒரு பகுதி விற்பனையை யுபிஐயில் வாங்கியிருந்தால் இந்தக் கட்டணம் வந்திருக்காதே என்று அவராகவே சொன்னார். அப்படிச் செய்தால் வேறு கட்டணம் வருமா?

திருப்பூர்க் கணக்கர்

வாடிக்கையாளர் தம் வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் செலுத்தினால், 2020 முதல் கடைக்காரருக்குக் கழிவுக் கட்டணம் கிடையாது. ஒலிபெருக்கிப் பெட்டி வைத்தால் அதற்கு மாத வாடகை உண்டு, அதையும் 1.18ஆல் வகுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஈரோடு ஜவுளிக்காரர்

இன்னொன்றும் கேட்க வேண்டும். யாரோ கொடுத்த காசோலையில் பணமில்லை என்றால் இவரிடம் ஏன் 177 ரூபாய்? வாடிக்கையாளரின் தவறு இருந்தால் மட்டுமே திருப்புக் கட்டணம் வாங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதியில் இருக்கிறது. இம்முறை நான் சரியாகத்தான் சொல்கிறேன் என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற காசாளர்

விதி நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது. வாடிக்கையாளர் பொறுப்பாகாத காரணங்களுக்கு ஒரு பட்டியலும் உண்டு. வங்கியின் முத்திரை விடுபட்டது போன்ற, வங்கி செய்யும் பிழைகள் அதில் வருகின்றன. பணம் போதாமல் திரும்பும் காசோலைக்கு, அதைப் போட்டவரிடமும் வங்கிகள் தொடர்ந்து கட்டணம் வாங்கியே வருகின்றன. போட்டவரிடம் தவறு என்ன என்ற உங்கள் கேள்விக்கு நான் வேலையில் இருந்தபோதும் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. எழுத்தில் கேட்பதில் தவறில்லை.

ஆனால் செல்வி அம்மா, 177 ரூபாயைவிட 38,500 ரூபாய் அவசரமானது. காசோலையோடு வங்கி கொடுத்த திருப்பு மெமோ உங்கள் தந்தையிடம் இருக்கிறதா? மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின் கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டுமென்றால், திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர்களுக்குப் பணம் கொடுக்க 15 நாள் அவகாசம். வழக்கு வேண்டாம் என்றால், காசோலையில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபடியும் போடலாம். போடுவதற்கு முன் அந்தக் குடும்பத்தாரிடம் பேசிவிடுங்கள். பேசாமல் போட்டு மறுபடியும் திரும்பினால் இன்னொரு 177 போகும்.

குடந்தைச் செல்வி

மெமோ கிளையிலேயே இருந்தது, வாங்கிக்கொண்டோம். அந்தக் குடும்பத்தாரிடம் அப்பா பேசினார். நகைக்கடன் பணம் வரும் என்று நம்பிக் காசோலை கொடுத்ததாகச் சொல்லி, 20,000 ரூபாயை உடனே அனுப்பிவிட்டார்கள். மீதிக்கு ஆடி முடியும் வரை அவகாசம் கேட்டிருக்கிறார்கள். அறிவிப்பு அனுப்ப அப்பாவுக்கு விருப்பமில்லை. நான் அனுப்ப வேண்டும் என்கிறேன். இதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை.

கிளை மேலாளரிடம் கடிதம் கொடுத்தோம். இரண்டு 590களில் ஒன்றைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். மே மாதச் சராசரியைக் கணினியில் பார்த்துச் சொன்னார். குறைவுதான் என்பதால் 708 அப்படியே நிற்கிறது. 177 பற்றி "மேலிடத்தில் கேட்கிறேன்" என்றார்.

கடன் கணக்கின் அறிக்கையும் வந்துவிட்டது. காசாளர் ஐயா சொன்னபடியே அங்கேயும் இரண்டு முறை `BOUNCE CHG` என்று ஏறியிருக்கிறது. ஜிஎஸ்டி: அப்பா வழக்கமான முறையில்தான் பதிவு செய்திருக்கிறார், ஆனால் 2Bயில் வங்கியின் பெயரே இல்லை. ஜிஎஸ்டி எண்ணை இப்போது கொடுத்துவிட்டோம். கடந்த மாதங்களுக்கும் வங்கி திருத்திக் கொடுக்குமா?

திருப்பூர்க் கணக்கர்

என் வாடிக்கையாளர் ஒருவருக்குத் திருத்திக் கொடுத்தார்கள், இன்னொருவருக்கு மறுத்துவிட்டார்கள். எழுத்தில் கேளுங்கள். இனி வரும் மாதங்களுக்கு 2Bயில் வருகிறதா என்று ஆகஸ்டில் கட்டாயம் பாருங்கள். எண்ணில் ஓர் எழுத்து மாறிப் பதிந்திருந்தாலும் வராது.

ஓய்வுபெற்ற காசாளர்

மேலாளர் வாயால் ஒப்புக்கொண்டது போதாது. திருப்பித் தரும்போது அறிக்கையில் `CHG REV` என்றோ `REVERSAL` என்றோ வரவு வரியாக வரும். 590 முழுமையாக வர வேண்டும். 500 மட்டும் வந்தால் வரி 90 நின்றுவிட்டது என்று பொருள், அதையும் கேளுங்கள். 177க்கான கடிதத்தில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கியிருக்கிறீர்களா? 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். அந்த முத்திரை அங்கே தேவைப்படும்.

ஜூன் மாதச் சராசரி இருப்பும் குறைந்திருக்கக்கூடும். 10ஆம் தேதியிலிருந்து 16 வரை கணக்கில் ஏழாயிரத்துக்கும் குறைவாகவே இருந்திருக்கிறது. அறிக்கையில் நாள் முடிவு இருப்புகளை உங்கள் தந்தையையே கூட்டி 30ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஜூலைத் தொடக்கத்தில் `AMB CHG JUN25` என்ற வரி வந்திருந்தால், அவருடைய கணக்கும் வங்கியின் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று இங்கே எழுதுங்கள்.